மானியம் முடிந்த பிறகு மீன் உலர்த்திகளை யார் காசில் ஓட்டுவது? விண்ணப்பத்தின் ‘நிலைத்தன்மை’ பகுதிக்கு உதவி தேவை

ஜெசிந்தா_கரை

குளச்சலுக்கு மேற்கே ஒரு கடலோர ஊரில் இயங்கும் சிறிய அறக்கட்டளையில் வேலை செய்கிறேன். எங்கள் ஊரில் 6 மகளிர் குழுக்கள் இருக்கின்றன. மொத்தம் 60 பெண்கள். நெத்திலியும் சாளையும் ஏலத்தில் எடுத்துக் கருவாடு போடுவதுதான் அவர்கள் தொழில். இப்போது மணலிலும் தெருவோரத்திலும் காயவைக்கிறார்கள். 4 சூரிய உலர்த்திகள், ஒரு பொதியும் அறை, பயிற்சி ஆகியவற்றுக்காக ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியான சி.எஸ்.ஆர். நிதியைக் கேட்டு 3 ஆண்டுத் திட்டம் அனுப்பினோம். முதல் சுற்று முடிந்துவிட்டது. ‘நிலைத்தன்மை’ என்ற பகுதிக்கு மட்டும் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

அதில் இருந்த வாசகம் இதுதான்: “திட்டக் காலம் முடிந்ததும் குழுக்கள் தற்சார்பு அடைந்து செயல்பாடுகளைத் தொடரும். தேவைப்பட்டால் அரசுத் திட்டங்களையும் பிற நன்கொடையாளர்களையும் அணுகுவோம்.”

அவர்கள் ஓரத்தில் எழுதிய கேள்வி: “எந்தச் செயல்பாடு? ஆண்டுக்கு எவ்வளவு செலவு? யார் தருவார்கள்? எப்போதிலிருந்து?”

பக்க அளவு ஒன்றரைப் பக்கம். இப்படிப்பட்ட பகுதியை எழுதியவர்கள், படித்து மதிப்பெண் போட்டவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

மணக்குடி_அலை

நல்ல முயற்சி. நிலைத்தன்மை என்றால் முதலில் கடலைப் பற்றி எழுதுங்கள். குஞ்சு மீனை அள்ளும் சிறு கண்ணி வலையை உறுப்பினர்கள் வாங்க மாட்டோம் என்று தீர்மானம் போடலாம். பொதி செய்ய நெகிழிப் பைகளைத் தவிர்க்கலாம். மீன் கழுவிய தண்ணீரைக் கடற்கரையிலேயே விடாமல் உறிஞ்சுகுழி அமைக்கலாம். இவற்றை ஒரு பக்கம் எழுதினால் போதும், திருப்தி அடைந்துவிடுவார்கள்.

சுபா_மதிப்பீடு

மணக்குடி அண்ணன் சொல்வது விண்ணப்பத்தின் சுற்றுச்சூழல் பகுதிக்கு உதவும். ஜெசிந்தாவிடம் கேட்டிருப்பது பணத்தைப் பற்றி மட்டும்.

நான் சில ஆண்டுகள் இத்தகைய விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடும் குழுவில் இருந்தேன். “தற்சார்பு அடையும்”, “பிற நன்கொடையாளர்களை அணுகுவோம்” ஆகிய இரண்டு வாக்கியங்களும் பத்துக்கு எட்டு விண்ணப்பங்களில் இருக்கும். இரண்டாவது வாக்கியம் நேரடியாகக் கெடுதல் செய்கிறது. மானியம் முடிந்தால் இன்னொரு மானியம் தேடுவோம் என்றுதான் அதற்குப் பொருள் கொள்வார்கள்.

எழுதத் தொடங்கும் முன் திட்டத்தின் எல்லாச் செயல்பாடுகளையும் ஒரு தாளில் எழுதி இரண்டாகப் பிரியுங்கள். திட்டத்தோடு முடிய வேண்டியவை ஒரு பக்கம். தொடர்ந்து ஓட வேண்டியவை மறுபக்கம். பயிற்சி, ஒருங்கிணைப்பாளர் சம்பளம், களப்பணியாளர் பயணம் ஆகியவை மூன்றாம் ஆண்டோடு முடியும் என்று துணிந்து எழுதுங்கள். எல்லாமே தொடரும் என்று எழுதுகிறவர்களை யாரும் நம்புவதில்லை. முடிகிறவற்றுக்கு உரிய வேலையில் எந்தத் துண்டு யார் கைக்குப் போகும் என்பதை மட்டும் சொன்னால் போதும். உதாரணமாக, இன்று களப்பணியாளர் செய்யும் தரப் பரிசோதனையை நாளை குழுவிலிருந்து வரும் மேற்பார்வையாளர் செய்வார்.

பிறகு தொடர வேண்டியவற்றுக்கு மட்டும் நான்காம் ஆண்டின் செலவைப் போடுங்கள். மூன்றாம் ஆண்டு பட்ஜெட்டை நகலெடுக்கக் கூடாது. நன்கொடையாளர் இல்லாத முதல் ஆண்டில் கையிலிருந்து என்ன போகும் என்று புதிதாக எண்ண வேண்டும். அந்தத் தொகையை இங்கே போடுங்கள், பார்ப்போம்.

ஜெசிந்தா_கரை

நன்றி அக்கா. எங்கள் கணக்காளரோடு உட்கார்ந்து போட்டது இது. எல்லாம் ஓர் ஆண்டுக்கு.

குழுவிலிருந்தே ஒரு மேற்பார்வையாளர், மாதம் 8,000 வீதம் 96,000 ரூபாய். விசிறிகளுக்கும் அறைக்கும் மின்சாரம் 24,000. தண்ணீர், துப்புரவு 18,000. சில்லறைப் பழுது 30,000. உணவுப் பாதுகாப்புப் பதிவு, ஆய்வகப் பரிசோதனை, தணிக்கை எல்லாம் சேர்த்து 22,000. மொத்தம் 1,90,000 ரூபாய். இடம் எங்கள் தேவாலயப் பங்குக்குச் சொந்தமான ஊர் நிலம், வாடகை இல்லை.

சுபா_மதிப்பீடு

ஒழுங்கான கணக்கு. ஆனால் உலர்த்தியே தேய்ந்துபோவதற்கான பணம் எங்கே? 4 உலர்த்திகளுக்கும் பட்ஜெட்டில் எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்? உப்புக்காற்றில் எந்தப் பாகம் எத்தனை ஆண்டு தாங்கும் என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டீர்களா?

ஜெசிந்தா_கரை

நான்கும் சேர்த்து 14 லட்சம். மேலே போடும் பாலிகார்பனேட் தகடு, விசிறி, தட்டுகள் 5 ஆண்டு என்கிறார். அந்தப் பாகங்களின் விலை மட்டும் 4 லட்சம். மீதி 10 லட்சம் சட்டமும் அடித்தளமும். அவை 10 ஆண்டு.

சுபா_மதிப்பீடு

அப்படியானால் தகடு வகைக்கு ஆண்டுக்கு 80,000. சட்டத்துக்கு 1 லட்சம். ஆக 1,80,000 ரூபாயை ஒவ்வோர் ஆண்டும் தனியே எடுத்து வைத்தால்தான் ஆறாம் ஆண்டில் உலர்த்தி உலர்த்தியாக இருக்கும். உங்கள் உண்மையான ஆண்டுச் செலவு 3,70,000.

தேய்ந்த பாகங்களை மாற்ற வைக்கும் இந்த மாற்று நிதியை விட்டுவிட்டுக் கணக்குக் காட்டுவதுதான் நான் பார்த்த விண்ணப்பங்களில் அதிகம். முதல் மூன்று நான்கு ஆண்டுகள் லாபம் வருவது போலவே தெரியும். தகடு மஞ்சளித்து வெயிலை உள்ளே விடாத நாளில்தான் பணம் இல்லை என்பது தெரியவரும்.

தேனடை_அருமனை

இதைப் படித்தபோது எங்கள் ஊர்க் கதை நினைவுக்கு வந்தது. தேனீ வளர்ப்போர் குழுவுக்கு ஒரு திட்டத்தில் தேன் பதப்படுத்தும் இயந்திரம் கிடைத்தது. ரப்பர் தளிர் விடும் பருவத்தில்தான் எங்களுக்குத் தேன் வரத்து. அந்தச் சில வாரங்கள் இயந்திரம் இரவுபகலாக ஓடும். மற்ற மாதங்களில் சும்மா கிடக்கும். திட்டக் காலத்தில் பழுது பார்க்கும் செலவெல்லாம் திட்டத்திலிருந்தே போனது. திட்டம் முடிந்த அடுத்த பருவத்தில் மோட்டார் எரிந்தது. பெரிய தொகை இல்லை. ஆனால் யார் கொடுப்பது என்பதற்கு ஒரு தீர்மானமும் இல்லை. பெட்டி அதிகம் வைத்திருப்பவர் கொடுக்கட்டும் என்றார் ஒருவர். எல்லோரும் சமமாகப் போடுவோம் என்றார் இன்னொருவர். பேசிக்கொண்டிருக்கும்போதே பருவம் முடிந்துவிட்டது. அவரவர் பழையபடி தனித்தனியாகத் தேனை விற்றார்கள்.

பிறகு ஒரு கிலோ தேனுக்கு இவ்வளவு என்று பதப்படுத்தும்போதே பிடித்துத் தனி வங்கிக் கணக்கில் போடும் முறைக்கு வந்தோம். இப்போது சண்டை இல்லை. ஆனால் இடையில் விட்டுப்போன உறுப்பினர்களில் பாதிப் பேர் திரும்ப வரவில்லை.

வேலப்பன்_தக்கலை

வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். இது இவ்வளவு சிக்கலான கணக்கே இல்லை. உலர்த்திக் கட்டணம் வாங்குங்கள், முடிந்தது. ஓர் உலர்த்தியில் எத்தனை கிலோ பச்சை மீன் பிடிக்கும்?

ஜெசிந்தா_கரை

100 கிலோ, அண்ணாச்சி. நான்கிலும் சேர்த்து ஒரு சுற்றுக்கு 400 கிலோ. நெத்திலியில் ஏறக்குறைய 4 கிலோ பச்சை மீன் காய்ந்தால் 1 கிலோ கருவாடு.

வேலப்பன்_தக்கலை

அப்படியானால் ஒரு சுற்றுக்கு 100 கிலோ கருவாடு. ஆண்டுக்கு 300 வேலைநாள் என்று வையுங்கள், 30,000 கிலோ. 3,70,000 ரூபாயை அதில் வகுத்தால் கிலோவுக்கு 12 ரூபாய் சில்லறை. கிலோவுக்கு 12 ரூபாய் கொடுக்க எந்தப் பெண் மறுப்பார்? இன்னொரு வழியும் இருக்கிறது. மானியத்தில் 20 லட்சத்தை நிரந்தர வைப்பில் போடச் சொல்லி அனுமதி கேளுங்கள். வட்டியிலேயே செலவில் மூன்றில் ஒரு பங்கு ஓடிவிடும்.

ரோஸ்மேரி_முட்டம்

வேலப்பன் சாருக்கு வணக்கம். நான் கருவாடு போடுகிறவள். எங்கள் குழுவின் பொறுப்பிலும் இருக்கிறேன். 300 நாள் என்பது அலுவலகத்துக்குத்தான் பொருந்தும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வள்ளங்கள் போகலாம் என்றாலும் அந்த இரண்டு மாதமும் கடல் சீறும், மழையும் விடாது. ஐப்பசி, கார்த்திகையில் மறுபடி மழை. பிறகு ஊர்த் திருவிழா, சாவு, காற்று. இதெல்லாம் போக, எல்லோரும் மறக்கிற ஒன்று உண்டு: மீன் கிடைத்த நாளெல்லாம் கருவாடு போடுவதில்லை. நெத்திலிக்கு நல்ல விலை இருக்கும்போது ஐஸ் போட்டுக் கேரளாவுக்கு வண்டி ஏறிவிடும். மடி நிறைய மீன் வந்து ஏலம் சரியும் நாளில்தான் நாங்கள் எடுத்துக் காயவைப்போம். அந்த நாளில் 400 கிலோ அல்ல, 2,000 கிலோ வந்தாலும் எடுக்க ஆள் இருக்கும். ஆனால் உலர்த்தியில் இடம் 400 கிலோவுக்குத்தான்.

மக்களே ஜெசிந்தா, உன் ஊரில் மூன்று குழுக்களின் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் போன ஆண்டு எந்தெந்த நாளில் கருவாடு போட்டார்கள் என்று எண்ணிப் பார். அந்த எண்ணிக்கையைத்தான் எழுத வேண்டும்.

ஜெசிந்தா_கரை

அக்கா, இரண்டு குழுக்களிடம் நோட்டு இருந்தது, எடுத்து எண்ணினோம். ஒன்றில் 104 நாள், இன்னொன்றில் 117. நடுவில் 110 என்று எடுத்துக்கொள்ளலாமா?

சுபா_மதிப்பீடு

110 என்றே எடுங்கள். “குழுக்களின் கொள்முதல் நோட்டிலிருந்து” என்று ஒரு வரியும் சேருங்கள். அந்த ஒரு வரிக்கு அழகான பத்திகளைவிட மதிப்பு அதிகம்.

110 சுற்று என்றால் ஆண்டுக்கு 11,000 கிலோ கருவாடு. 3,70,000 ரூபாயை வகுத்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 34 ரூபாய். வேலப்பன் சாரின் 12 ரூபாய் இப்போது 34 ஆகிவிட்டது. கட்டணம் வாங்க வேண்டும் என்ற அவருடைய அடிப்படை சரிதான். வகுக்கும் எண்தான் மாறுகிறது.

அடுத்த கேள்வி: 34 ரூபாய் கொடுத்த பிறகும் பெண்ணுக்கு ஏதாவது மிஞ்சுமா? மணலில் காய்ந்த நெத்திலிக்கும் உலர்த்தியில் காய்ந்ததற்கும் கிலோவுக்கு விலை வித்தியாசம் எவ்வளவு?

ஜெசிந்தா_கரை

மாதிரிக்குக் கொஞ்சம் காயவைத்து இரண்டு மொத்த வியாபாரிகளிடம் காட்டினோம். மணல் கருவாடு 360, இது 420 என்றார்கள். 60 ரூபாய் கூடுதல்.

சுபா_மதிப்பீடு

60-இல் 34 போனால் 26 ரூபாய் பெண்ணுக்குக் கூடுதல். அப்படியென்றால் உலர்த்திக்கு வரக் காரணம் இருக்கிறது. ஆனால் மீன் வரத்துக் குறைந்து 70 சுற்றுதான் ஓடியது என்றால்? உங்கள் செலவில் பெரும்பகுதி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆகிற செலவு. 7,000 கிலோவில் வகுத்தால் கிலோவுக்கு 53 ரூபாய் விழும். மிச்சம் 7 ரூபாய். 62 சுற்றுக்குக் கீழே போனால் மணலிலேயே காயவைப்பது லாபம். இந்த 62-ஐ மறைக்காமல் எழுதுங்கள். அதற்குக் கீழே போனால் என்ன செய்வோம் என்பதையும் எழுதுங்கள். மேற்பார்வையாளருக்கு மாதச் சம்பளத்துக்குப் பதிலாகச் சுற்றுக்கு இவ்வளவு என்று மாற்றுவது ஒரு வழி.

மணக்குடி_அலை

என் முதல் பதிவு தேவையில்லை என்றார்கள். ஆனால் சுபா அவர்கள் கேட்ட 70 சுற்று எங்கிருந்து வரும் என்று பாருங்கள். கேரளக் கரையில் மத்திச்சாளை 2012-இல் 4 லட்சம் டன்னை ஒட்டிப் பிடிபட்டது. 2021-இல் 4,000 டன்கூட இல்லை. கடல் அப்படி மாறும். மூன்று நல்ல ஆண்டுகளின் கணக்கை வைத்துப் பத்து ஆண்டுகளுக்குத் திட்டம் போட்டால் உலர்த்தி நிற்கும். கடலைப் பற்றி எழுதச் சொன்னதில் பணமும் இருக்கிறது.

சுபா_மதிப்பீடு

ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சாளைக் கணக்கை இடர் பகுதியில் போடுங்கள், ஜெசிந்தா. ஒரே மீனை நம்பாமல் நெத்திலி, சாளை, வாளை மூன்றுக்கும் தட்டு பொருந்துமா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

வேலப்பன்_தக்கலை

சரி, 110 சுற்றை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சும்மா கிடக்கும் ஜூன், ஜூலையை ஏன் விட வேண்டும்? நம் மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம் உண்டு. கிழக்குப் பக்கம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிந்துவிடும். ஜூன் 15-இல் இருந்து சின்னமுட்டத்தில் மீன் இறங்கும். வண்டி வைத்து எடுத்துவரலாமே?

ரோஸ்மேரி_முட்டம்

மீன் வரும் சார், வெயில் வராது. மின்சாரச் சூடேற்றியில் காயவைக்கலாம். ஆனால் வண்டி வாடகையும் மின்கட்டணமும் சேர்ந்தால் 60 ரூபாய்க் கூடுதல் விலை கரைந்துவிடும். மேற்கே மீன் இல்லாத அந்த நாளில் சின்னமுட்டத்தில் ஏல விலையும் உச்சத்தில் இருக்கும். ஒரு ஆண்டு முயன்று பார்க்கலாம். வருமானமாக எழுதிவிடக் கூடாது.

நான் சொல்ல வேண்டிய பெரிய காரியம் வேறு. அந்த 60 ரூபாய் எங்கள் பெண்கள் கைக்கு வருமா என்பதே சந்தேகம். ஏலத்தில் மீன் எடுக்கக் காசு அன்றைக்கே வேண்டும். அந்தக் காசை முன்கூட்டிக் கொடுப்பவர் வியாபாரி. கொடுத்தவருக்கே கருவாடு போக வேண்டும், அவர் சொல்லும் விலைக்கே போக வேண்டும். கருவாட்டைக் கையில் அள்ளிப் பார்ப்பார். உலர்த்தியில் காய்ந்தது வெள்ளி நிறத்தில், மணல் ஒட்டாமல், உடைத்தால் முறியும்படி இருக்கும். அவருக்கே தெரியும் அது நல்லது என்று. ஆனாலும் பழைய விலையைத்தான் போடுவார். கடன் வாங்கியவள் என்ன பேசுவாள்? அந்த 60 ரூபாய் அவருடைய பையில்தான் விழும். பெண் கட்டணம் 34 ரூபாயைத் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டியதாகும். இரண்டு மாதத்தில் அவள் மணலுக்கே திரும்பிவிடுவாள்.

சுபா_மதிப்பீடு

ரோஸ்மேரி அக்கா எழுதியதை இந்த இழையைப் படிக்கும் எல்லோரும் இரண்டு முறை படியுங்கள். கட்டணக் கணக்கு முழுவதும் அந்த 60 ரூபாயின் மேல் நிற்கிறது. அது யார் கைக்குப் போகிறது என்பதை விண்ணப்பத்தில் யாரும் எழுதுவதில்லை.

ஜெசிந்தா, பச்சை நெத்திலி என்ன விலைக்கு எடுக்கிறார்கள்? விற்ற பணம் எத்தனை நாளில் வரும்?

ஜெசிந்தா_கரை

ஏலம் சரியும் நாளில் 80 ரூபாய் அளவில். மொத்த வியாபாரி பணம் தர 20 நாள் வரை ஆகும்.

சுபா_மதிப்பீடு

ஒரு சுற்றுக்கு 400 கிலோ, 32,000 ரூபாய். பருவத்தில் 20 நாளில் 8 சுற்று ஓடினால் 2,56,000 ரூபாய் வெளியே நிற்கும். ஏறத்தாழ இரண்டரை லட்சம் சுழல் பணம் இருந்தால்தான் இந்தப் பெண்கள் வியாபாரியிடம் “விலை இது” என்று சொல்ல முடியும். உலர்த்தி ஒன்றைக் குறைத்தாலும் பரவாயில்லை. இந்தச் சுழல் நிதியைப் பட்ஜெட்டில் சேருங்கள்.

வேலப்பன்_தக்கலை

சுழல் பணத்துக்கு மானியம் எதற்கு? குழுக்களுக்கு வங்கி இணைப்புக் கடன் இருக்கிறதே. ஒழுங்காகக் கூட்டம் போட்டு, சேமித்து, நோட்டு எழுதும் குழுவுக்கு எந்த வங்கியும் கொடுக்கும். இது என் வாழ்நாள் வேலை. இதில் நான் உறுதியாகச் சொல்வேன்.

ரோஸ்மேரி_முட்டம்

கொடுப்பார்கள் சார், நாங்களும் வாங்கியிருக்கிறோம். ஆனால் மாதத் தவணை ஜூன், ஜூலையிலும் கட்ட வேண்டும். அந்த இரண்டு மாதம் வீட்டு அடுப்புக்கே வழி தேட வேண்டிய காலம்.

வேலப்பன்_தக்கலை

அது நியாயம். ரொக்கக் கடன் வரம்பாகக் கேளுங்கள். தேவைப்படும்போது எடுத்து, விற்றதும் கட்டலாம். எடுத்த தொகைக்கு மட்டும்தான் வட்டி. தடைக்காலத்தில் எடுக்காமல் இருந்தால் சுமையும் இல்லை. மேலாளர் எழுதிக் கொடுக்கும் ஒப்புதல் கடிதத்தை விண்ணப்பத்தோடு இணைக்கலாம்.

பேரேடு_நாகர்கோவில்

அறக்கட்டளைகளுக்குக் கணக்குப் பார்ப்பவன். மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேலப்பன் சார் சொன்ன 20 லட்ச வைப்பு இந்தப் பணத்தில் நடக்காது. சி.எஸ்.ஆர். விதிகளில் 2021 ஜனவரியில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஓர் அமைப்பு நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் மூலதன நிதியில் போடும் பணம் சி.எஸ்.ஆர். செலவாகக் கணக்கில் வராது. எழுதினாலே நிறுவனத்தின் நிதிப் பிரிவு அடித்துவிடும். சுழல் நிதியும் பார்வைக்கு அப்படித் தெரிந்துவிடக் கூடாது. அறக்கட்டளையின் பெயரில் கிடக்கும் பணமாக இல்லாமல், குழுக்களுக்குத் தொழில் தொடங்கக் கொடுக்கும் தொகையாக, பெறும் குழுவின் பெயரோடு எழுதுங்கள். அனுப்பும் முன் அவர்களிடம் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது, 14 லட்சம் பெறுமான உலர்த்திகள் யார் பெயரில் இருக்கும்? அதே திருத்தத்தின்படி சி.எஸ்.ஆர். பணத்தில் உருவாகும் மூலதனச் சொத்தை நிறுவனம் தானே வைத்துக்கொள்ள முடியாது. பதிவு பெற்ற அறக்கட்டளை வைத்திருக்கலாம். பயனாளிகளின் சுய உதவிக் குழுவோ கூட்டமைப்போ வைத்திருக்கலாம். பொது அதிகார அமைப்பும் வைத்திருக்கலாம். இதில் எது என்று நிலைத்தன்மைப் பகுதியிலேயே சொல்லிவிடுங்கள். மாற்று நிதியைச் சேர்க்க வேண்டியவர் சொத்தின் உரிமையாளர்தான்.

கடைசியாக, கட்டணத்தை அறக்கட்டளை வாங்கினால் அது தொழில் வருமானமாகப் பார்க்கப்படும். உங்கள் நோக்கத்துக்குத் துணையான தொழிலாக அது இருக்க வேண்டும். தனிக் கணக்குப் புத்தகம் வேண்டும். தணிக்கையாளரிடம் கேட்காமல் இறங்காதீர்கள்.

ஜெசிந்தா_கரை

அரசு மானியத்தைப் பற்றி எழுதலாமா சார்? பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பெண்களுக்கு 60 சதவீதம் என்கிறார்களே.

பேரேடு_நாகர்கோவில்

அது அலகு அமைக்கும் செலவில் 60 சதவீதம் வரை. உலர்த்தி வாங்க உதவும். மேற்பார்வையாளர் சம்பளமோ மின்கட்டணமோ அதில் வராது. பிற்பாடு விரிவாக்கத்துக்கு வாய்ப்பு என்று ஒரு வரி எழுதலாம். 3,70,000-இல் ஒரு ரூபாயைக்கூட அதற்கு எதிரே எழுதாதீர்கள்.

தேனடை_அருமனை

சொத்தை உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று தொடங்கி அதன் பெயரில் வைக்கலாமே. 10 உற்பத்தியாளர் இருந்தால் பதிவு செய்யலாம். பெண்களே பங்குதாரர். அறக்கட்டளை போனாலும் நிறுவனம் இருக்கும்.

பேரேடு_நாகர்கோவில்

இருக்கும், ஆனால் ஆண்டுதோறும் தணிக்கை, பதிவாளரிடம் தாக்கல், இயக்குநர் கூட்டம் எல்லாம் உண்டு. ஜெசிந்தாவின் கணக்கில் தணிக்கை, பரிசோதனை எல்லாம் சேர்ந்து 22,000தான். அது போதாது. 60 பெண்களுக்கு, 11,000 கிலோ கருவாட்டுக்கு இது கனமான ஏற்பாடு. 6 குழுக்களின் கூட்டமைப்பே போதும் என்பது என் கருத்து.

தேனடை_அருமனை

கூட்டமைப்பில் தலைவி மாறினால் வங்கிக் கையெழுத்து மாற ஒரு பருவமே போகிறது. நாங்கள் பட்டிருக்கிறோம். கனமாக இருந்தாலும் நிறுவனமே மேல் என்றுதான் சொல்வேன்.

சுபா_மதிப்பீடு

இதை உங்கள் பெண்கள்தான் கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டும். இரண்டில் எதுவானாலும் படிப்பவர் ஏற்றுக்கொள்வார். முடிவு செய்யாமல் விடுவதுதான் கேள்வியாகும்.

இன்னும் ஒன்று: “எப்போதிலிருந்து?” கட்டணம் நான்காம் ஆண்டில் தொடங்கக் கூடாது. மூன்று ஆண்டு இலவசமாகப் பயன்படுத்தியவரிடம் திடீரென்று 34 ரூபாய் கேட்டால் வர மாட்டார். முதல் ஆண்டு பழகட்டும். இரண்டாம் ஆண்டு 15 ரூபாய், மூன்றாம் ஆண்டு 30, பிறகு முழுக் கட்டணம். திட்டக் காலத்தில் ஓட்டும் செலவை மானியமே ஏற்கிறது அல்லவா? அப்படியானால் வாங்கும் கட்டணம் முழுவதும் மாற்று நிதிக் கணக்கில் சேரும். இரண்டாம் ஆண்டு 8,000 கிலோ, மூன்றாம் ஆண்டு 10,000 கிலோ என்று அடக்கமாக வைத்தாலும் 4,20,000 ரூபாய் கையில் இருக்கும். ஓர் ஆண்டு முழுவதும் மீன் பொய்த்தாலும் உலர்த்தி நிற்காது.

பேரேடு_நாகர்கோவில்

சரியான ஏற்பாடு. சி.எஸ்.ஆர். திட்டத்தில் மிஞ்சும் பணத்தை அதே திட்டத்துக்கே திருப்பலாம் என்று விதி இருக்கிறது. அதோடும் இது பொருந்துகிறது. ஆனால் இந்தக் கணக்கு ஒப்பந்தத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட வேண்டும். இல்லாவிட்டால் கடைசியில் அந்த 4,20,000-ஐச் செலவாகாத பணம் என்று திருப்பிக் கேட்க வாய்ப்பிருக்கிறது.

ஜெசிந்தா_கரை

எல்லோரும் சொன்னதை வைத்து எழுதிய வரைவு இது. குறை இருந்தால் சொல்லுங்கள்.

“பயிற்சியும் ஒருங்கிணைப்புப் பணியும் மூன்றாம் ஆண்டில் நிறைவடையும். உலர்த்திகளும் பொதியும் அறையும் தொடர்ந்து இயங்கும். அவற்றுக்கு நான்காம் ஆண்டில் ஆகும் செலவு 3,70,000 ரூபாய். இதில் 1,80,000 ரூபாய் பாகங்களை மாற்றுவதற்கான ஒதுக்கீடு. குழுக்களின் கொள்முதல் நோட்டுகளின்படி ஆண்டுக்கு 110 சுற்று மீன் கிடைக்கிறது. அதன்படி கிலோ கருவாட்டுக்கு 34 ரூபாய் கட்டணம் செலவை ஈடு செய்யும். விலை வித்தியாசம் 60 ரூபாய் என்பதால் உறுப்பினருக்கு 26 ரூபாய் மிஞ்சும். சுற்று 62-க்குக் கீழே போனால் கட்டணம் கட்டுப்படியாகாது. அந்த நிலையில் மேற்பார்வையாளர் ஊதியம் சுற்றுக் கணக்குக்கு மாறும் என்று குழுக்கள் தீர்மானித்துள்ளன. உறுப்பினர்கள் முன்பணத்துக்கு வியாபாரியைச் சாராதிருக்க, குழுக்களுக்கு இரண்டரை லட்சம் தொழில் தொடக்கத் தொகையும் வங்கியின் ரொக்கக் கடன் வரம்பும் துணை நிற்கும். கட்டணம் இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கும். சேரும் தொகை தனிக் கணக்கில் இருக்கும்.”

சுபா_மதிப்பீடு

அனுப்பக்கூடிய வரைவு. “தீர்மானித்துள்ளன” என்று எழுதியிருக்கிறீர்கள். 6 குழுக்களின் தீர்மான நகலும் இணைப்பில் இருக்க வேண்டும். விலை வித்தியாசத்துக்கு அந்த இரண்டு வியாபாரிகளில் ஒருவராவது கடிதம் தருவாரா? தரமாட்டார் என்றால் மாதிரி விற்ற சீட்டு போதும்.

நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வாடகை இல்லை என்றீர்கள். எத்தனை ஆண்டுக்கு இல்லை?

ஜெசிந்தா_கரை

வாய்ச்சொல்தான் அக்கா. பங்குத்தந்தை சம்மதித்தார்.

ரோஸ்மேரி_முட்டம்

பங்குத்தந்தை மாற்றலாகிப் போவார், மக்களே. அடுத்து வருபவர் அந்த இடத்தில் சமுதாயக்கூடம் கட்டலாம் என்றால்? பங்குப் பேரவையில் வைத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, 10 ஆண்டுக்கு எழுதி வாங்கு. உலர்த்தியின் சட்டத்துக்கு 10 ஆண்டு என்று கணக்குப் போட்டாயே, அதே 10.

பேரேடு_நாகர்கோவில்

10 ஆண்டு என்றால் பதிவு செய்ய வேண்டியிருக்கும். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணத்தை முதல் ஆண்டு பட்ஜெட்டில் சேருங்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பத்திரத்தைப் பாருங்கள். மறைமாவட்டத்தின் பெயரில் இருந்தால் பங்குப் பேரவையின் கையெழுத்து மட்டும் போதாது.

ஜெசிந்தா_கரை

வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து பேரவை கூடுகிறது. பத்திர நகலும் அன்றைக்கே கேட்கிறேன். உலர்த்தியைக் கூட்டமைப்பு வைப்பதா, நிறுவனம் தொடங்குவதா என்பதை அதற்கு முந்தின நாள் குழுத் தலைவிகள் கூட்டத்தில் வைக்கிறேன். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்ததும் இங்கே எழுதுகிறேன்.